பிறர் பண்டிகைக்கு வாழ்த்துப் போடும் முன்: பக்கம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கடைகள் சிலவற்றின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. துணிக்கடை, ஸ்வீட் ஸ்டால், ஒரு பாத்திரக்கடை. இந்தப் பக்கங்களைப் பின்தொடர்பவர்களில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். அதனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்ன எழுதுவது என்று யோசித்ததே இல்லை. தடுமாறியதெல்லாம் முஸ்லிம்களின் நாட்களிலும் கிறிஸ்தவர்களின் நாட்களிலும்தான். கடைக்காரர்களும் இதே வேலை பார்க்கும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு, நான் தெரிந்துகொண்ட வரையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மொகரத்துக்கு அரசு விடுமுறை வருகிறதே, "இனிய மொகரம் நல்வாழ்த்துகள்" என்று போடலாமா?

போடாதீர்கள். இந்த வரியை நானே ஒருமுறை போட்டேன்.

2023 ஜூலை 29, சனிக்கிழமை. துணிக்கடைப் பக்கத்துக்காக முந்தைய நாளே ஒரு படம் செய்து வைத்திருந்தேன். ஊதா நிறப் பின்னணி, தங்க நிறப் பிறை, தொங்கும் விளக்குகள், கீழே கடையின் பெயர், நடுவில் "இனிய மொகரம் நல்வாழ்த்துகள்". ரம்ஜானுக்குச் செய்த படத்தில் எழுத்தை மட்டும் மாற்றியிருந்தேன். காலை ஏழு மணிக்குப் பதிவு வெளியானது. பத்து மணி வாக்கில் கடையின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடை எண்ணுக்கு அழைத்தார். சென்னையில் இருக்கும் ஷியா குடும்பம். வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் இங்கேதான் துணி எடுப்பார்கள். முதலாளி ஃபோனை என்னிடம் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். இன்னைக்கு எங்க வீட்ல துக்கம். கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஊர்வலத்துக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கோம். நீங்க இனியன்னு போட்டிருக்கீங்க" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

நம் காலண்டரில் "மொகரம்" என்று சிவப்பில் இருக்கும் நாள், முஹர்ரம் மாதத்தின் பத்தாம் நாள். ஆஷுரா என்பார்கள். நபிகளின் பேரர் இமாம் ஹுசைன், தம் குடும்பத்தாரோடும் தோழர்களோடும் இன்றைய இராக்கில் உள்ள கர்பலாவில் கொல்லப்பட்ட நாள் அது. நடந்தது கி.பி. 680-இல். ஷியா முஸ்லிம்களுக்கு அது இன்றைக்கும் நேற்று நடந்த சாவு மாதிரிதான். சென்னையில் அண்ணா சாலையில் இருக்கும் ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல் ஷியாக்களுடையது. அந்த நாளில் மார்பில் அடித்துக்கொண்டு, இமாமின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டு அவர்கள் ஊர்வலம் போவதை நேரில் பார்த்தவர் யாருக்கும் "இனிய" என்ற சொல் வராது. சாவு வீட்டு வாசலில் நின்று யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை.

அப்படியானால் அந்த நாளில் என்னதான் எழுதுவது?

ஒன்றும் எழுதாமல் இருப்பதில் தப்பே இல்லை. பெரும்பாலான கடைப் பக்கங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். எழுதியே ஆக வேண்டும் என்றால் வாழ்த்து வேண்டாம், நினைவுகூரும் வரி ஒன்று போதும். "கர்பலாவில் இமாம் ஹுசைன் செய்த தியாகத்தை நினைவுகூரும் அனைவரோடும் இந்நாளில் துணைநிற்கிறோம்" என்பது போல. அடர்ந்த ஒற்றை நிறப் பின்னணி, வெள்ளை எழுத்து. கடையின் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கட்டும், இல்லாவிட்டாலும் சரி.

தமிழ்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் சன்னிகள். அவர்களும் ஹுசைனை மதிக்கிறவர்களே. ஆனால் பெரும்பாலும் அந்த நாளை ஊர்வலமாக அனுசரிப்பதில்லை. எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து மூசா நபி காப்பாற்றப்பட்ட நாள் என்று ஒன்பதும் பத்தும் நோன்பு வைப்பார்கள். அவர்களுக்கும் அது பலகாரம் செய்து கொண்டாடும் பண்டிகை இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே காசவளநாடு புதூரில் இந்துக்கள் மொகரத்துக்குத் தீ மிதிக்கிறார்கள். அந்த ஊருக்கு அது திருவிழா. ஒரே நாள் ஒருவருக்குத் துக்கம், இன்னொருவருக்கு நோன்பு, மற்றொருவருக்குத் திருவிழா. உங்கள் பக்கத்தை யார் பார்ப்பார்கள் என்று உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் துக்கத்தில் இருப்பவரை மனதில் வைத்து எழுதுங்கள். அவருக்குப் பொருந்துகிற வரி மற்ற இருவரையும் நோகடிக்காது.

முஹர்ரம் முதல் நாள் ஹிஜ்ரி ஆண்டின் தொடக்கம். "இஸ்லாமியப் புத்தாண்டு" என்று அன்றைக்கு வாழ்த்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஷியாக்களுக்குத் துக்க நாட்கள் அன்றைக்கே தொடங்கிவிடுகின்றன. நான் அதை விட்டுவிடுவேன்.

நோன்பு ஆரம்பித்த அன்றே ரம்ஜான் வாழ்த்து போட்டுவிட்டேன். பெருநாளுக்கு மறுபடியும் போட வேண்டுமா?

வேண்டும். அவை இரண்டும் வேறு வேறு வாழ்த்துகள். ரமலான் என்பது மாதத்தின் பெயர். அந்த மாதம் முழுக்க நோன்பு. அது முடிந்து, ஷவ்வால் மாதத்து முதல் நாள் வருவதுதான் பெருநாள். நாம் பேச்சில் அதையும் "ரம்ஜான்" என்றே சொல்லிவிடுவதால்தான் குழப்பம். நோன்பு தொடங்கும்போது "ரமலான் நோன்பு வைக்கும் அனைவருக்கும் வாழ்த்துகள்" என்றோ "ரமலான் முபாரக்" என்றோ எழுதலாம். முடியும்போது "நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்", "ஈகைத் திருநாள் வாழ்த்துகள்", "ஈத் முபாரக்" எல்லாமே சரி. என் காதுக்கு நோன்புப் பெருநாள்தான் இதமாக இருக்கிறது. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் பெருநாள் என்றே சொல்கிறார்கள்.

நோன்பு மாதத்துப் பதிவில் "கொண்டாட்டம் தொடங்கிவிட்டது" என்று எழுத வேண்டாம். விடியலுக்கு முன் ஸஹர் சாப்பிட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்களுக்கான பதிவு அது. எங்கள் ஸ்வீட் ஸ்டால் பக்கத்துக்கு அந்த ஒரு மாதம் மட்டும் பதிவு நேரத்தையே மாற்றுவேன். வழக்கமாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு வரும் சமோசா, ஜிலேபிப் படங்கள் மாலை நாலரை, ஐந்துக்குப் போகும். நோன்பு திறக்க வாங்கிப் போகிறவர்களுக்கு அந்த நேரம்தான் உபயோகம். பகலில் பார்த்தால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் நேரத்தை மாற்றியது தெரிந்து அம்மாக்கள் சிலர் கடையில் வந்து சொன்னபோது, கவனிக்கிறார்கள் என்று புரிந்தது.

பெருநாள் எந்தத் தேதி என்றே பிடிபடவில்லை. காலண்டரில் ஒன்று போட்டிருக்கிறது, துபாயில் இருக்கும் தம்பி வேறொன்று சொல்கிறான். எப்போது போடுவது?

இந்தக் கேள்வி வருடா வருடம் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இஸ்லாமிய மாதம் பிறை தெரிவதில் தொடங்குகிறது. மாதத்துக்கு 29 நாள் அல்லது 30 நாள். 29-ஆம் நாள் சூரியன் மறைந்ததும் மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் புது மாதம், தெரியாவிட்டால் முப்பதைப் பூர்த்தி செய்துவிட்டு அதற்கடுத்த நாள். அச்சடித்த காலண்டரில் இருப்பது முன்கூட்டிய கணக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் பிறை தெரிந்ததா என்பதை அரசு தலைமைக் காஜி அறிவிப்பார். இலங்கைக்கு அந்த நாட்டு உலமாக்களும் கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் சேர்ந்து அறிவிப்பார்கள். வளைகுடாவில் பெரும்பாலும் நமக்கு ஒருநாள் முன்னதாகவே வந்துவிடும். 2025-இல் சவூதியில் நோன்புப் பெருநாள் மார்ச் 30 ஞாயிறு, இங்கே மார்ச் 31 திங்கள். சவூதிப் பிறையை ஏற்று இங்கேயே ஒருநாள் முன்னால் பெருநாள் தொழுகிறவர்களும் உண்டு.

இதில் ஒரு நிம்மதியான விஷயம் இருக்கிறது. எல்லா நாட்களும் இப்படிக் கடைசி நிமிடம் வரை தொங்குவதில்லை. பக்ரீத் வருவது துல்ஹஜ் பத்தாம் நாள், மொகரம் வருவது முஹர்ரம் பத்தாம் நாள். அந்த மாதங்களின் பிறை ஒன்பது, பத்து நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். மீலாது நபி ரபியுல் அவ்வல் மாதத்தின் பன்னிரண்டாம் நாள், அதுவும் முன்பே தெரியும். ஒரே இரவில் முடிவாவது நோன்பு தொடங்கும் நாளும் நோன்புப் பெருநாளும் மட்டும்தான். எனவே அந்த இரண்டுக்கும் மட்டும் தானியங்கி நேரம் குறித்து வைக்காதீர்கள். படத்தை முன்பே செய்து வரைவாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் 29-ஆம் நாள் மாலை மஃரிப் தொழுகை தாண்டி, தலைமைக் காஜி அறிவிப்பு செய்தியில் வந்தபின் கையால் வெளியிடுங்கள். சில வருடம் ஏழு மணிக்கே தெரியும், சில வருடம் இரவு ஒன்பது ஆகும். காத்திருக்க முடியாதவர் மறுநாள் காலை தொழுகை முடியும் நேரத்துக்குப் போட்டால் போதும். தாமதமாக வந்த வாழ்த்தை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் இன்னும் ஒரு நோன்பு பாக்கி இருக்கும்போது "இன்று பெருநாள்" என்று போட்டால், பிறை விஷயத்தில் அவர்களுக்குள் இருக்கும் சர்ச்சையில் நீங்கள் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டது போல ஆகிவிடும்.

அப்புறம், படத்துக்குள் தேதி எழுதாதீர்கள், "இன்று" என்றும் எழுதாதீர்கள். "நோன்புப் பெருநாள் கொண்டாடும் அனைவருக்கும் வாழ்த்துகள்" என்று இருந்தால் முந்தின நாள் கொண்டாடிய துபாய்த் தம்பிக்கும் அது பொருந்தும்.

என்ன படம் வைப்பது? பிறையும் பள்ளிவாசலும் போட்டால் போதாதா?

போதும். ஆனால் எந்தப் பள்ளிவாசல், எப்படிப்பட்ட பிறை என்பதில்தான் வழுக்குகிறோம். நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு தாஜ்மஹால். வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்ததும் பள்ளிவாசல் என்று எடுத்துவிடுகிறார்கள். தாஜ்மஹால் ஒரு கல்லறை. பள்ளிவாசல் அதன் பக்கத்தில் தனியாக இருக்கிறது. அடுத்தது நாகூர் தர்கா. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஐந்து மினாராக்கள், நம்மூர்ப் படம் என்ற பாசத்தில் நானே ஒருமுறை எடுத்தேன். கந்தூரிக்கு அது சரியான படம். ஆனால் தர்காவுக்குப் போவதை ஏற்காத முஸ்லிம்களும் கணிசமாக இருக்கிறார்கள். பெருநாள் வாழ்த்தில் தர்காவை வைத்தால் கீழே அவர்களுக்குள் விவாதம் ஆரம்பித்துவிடும். உங்கள் ஊரின் சாதாரணமான பள்ளிவாசல் ஒன்றை, நிர்வாகத்திடம் கேட்டு நீங்களே எடுத்த படம் எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும்.

இலவசப் படத் தளங்களில் பச்சைப் பின்னணியில் வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும் கிடைக்கும். இடது ஓரத்தில் வெள்ளைப் பட்டையும் இருந்தால் அது பாகிஸ்தான் கொடி. கைபேசியில் சின்னதாகப் பார்க்கும்போது அந்தப் பட்டை கண்ணுக்கே தெரியாது. பதிவு போன பிறகு, உங்கள் முஸ்லிம் வாடிக்கையாளரை வம்புக்கு இழுக்கக் காத்திருப்பவர் ஒருவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள்.

நபிகளின் உருவமாக எந்தப் படமும் கூடாது, நிழலாகக்கூட வேண்டாம். மீலாது நபிக்கு ஏதோ பழைய ஓவியத்தைத் தேடி எடுத்து வைத்துவிட்டால், அதை எந்த விளக்கத்தாலும் சரிசெய்ய முடியாது. மீலாது கொண்டாடுவதையே ஏற்காத முஸ்லிம் அமைப்புகளும் தமிழ்நாட்டில் உண்டு. அதனால் அந்த நாளுக்கு எழுத்து மட்டும், அதுவும் "மீலாது நபி கொண்டாடுவோருக்கு" என்று தொடங்கி.

அரபி எழுத்தை அலங்காரத்துக்குப் பயன்படுத்துவதை நான் நிறுத்திவிட்டேன். காரணம் தொழில்நுட்பம்தான். அரபி வலமிருந்து இடமாக எழுதப்படும், எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும். அரபியைக் கையாளத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். "வாழ்த்துகள்" என்பதை "ள்கதுத்ழ்வா" என்று யாராவது நமக்குப் பொங்கலுக்குப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. படிக்கத் தெரியாத நமக்கு அது அழகாகவே தோன்றும். குர்ஆன் வசனம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பின்னணி வசனத்தின் மேல் கடை ஃபோன் நம்பரை ஏற்றுவது, அதே வடிவத்தை நோட்டீஸிலும் கட்டைப்பையிலும் அச்சடிப்பது எல்லாம் வேண்டாம். பை குப்பைத் தொட்டிக்குப் போகும், காலில் மிதிபடும். பிறையும் ஒரு விளக்கும், தமிழில் வாழ்த்தும் இருந்தால் ஒரு குறையும் இல்லை.

பக்ரீத்துக்கு ஆட்டுப் படம் போடலாமா?

வேண்டாம். சிரிக்கும் கார்ட்டூன் ஆடு, மாலை போட்ட ஆடு, "பிரியாணி எப்போ?" போன்றவை அந்த நாளைக் கறிச்சோறாகச் சுருக்கிவிடுகின்றன. இப்ராஹிம் நபி இறைவனுக்காகத் தம் மகனையே பலி கொடுக்க முன்வந்ததை நினைக்கும் நாள் அது. குர்பானிக் கறியை மூன்று பங்காக்கி ஏழைகளுக்கும் உறவினருக்கும் கொடுத்துவிட்டுத்தான் தங்களுக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். "தியாகத் திருநாள் வாழ்த்துகள்", "ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள்" இரண்டும் நல்ல சொற்கள்.

புனித வெள்ளிக்கு "ஹேப்பி குட் ஃப்ரைடே" என்று ஒரு நண்பர் போட்டார். கிறிஸ்தவ நண்பர்கள் யாரும் லைக்கூடப் போடவில்லை. என்ன தப்பு?

ஆங்கிலப் பெயரில் "குட்" இருப்பதால் வரும் தவறு இது. இயேசு சிலுவையில் அறையப்பட்டு இறந்த நாள் அது. தமிழில் பெயரே நமக்குச் சொல்லிவிடுகிறது: புனித வெள்ளி, பெரிய வெள்ளி. கத்தோலிக்கக் கோயில்களில் அன்றைக்குத் திருப்பலியே கிடையாது. சிலுவைப் பாதையும் சிலுவைக்கு முத்தமும் முக்கியமாக இருக்கும். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். பலரும் வெள்ளையோ கறுப்போ உடுத்திப் போவார்கள். அந்த நேரத்தில் கைபேசியில் பலூன் படத்தோடு வாழ்த்து வந்தால் எப்படி இருக்கும்?

எழுதுவதானால் "இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் இந்தப் புனித வெள்ளியில், சகோதர சகோதரிகளோடு நாங்களும் மௌனமாக இணைகிறோம்" என்று எழுதலாம். "பாடுகள்" அவர்கள் புழங்கும் சொல். நாம் பொதுவாகச் சொல்லும் "துன்பங்கள்" என்பதைவிட அது அவர்களுக்கு நெருக்கமாக இருக்கும். படத்துக்கு வெறும் மரச்சிலுவை. ரத்தம் வழியும் முகமெல்லாம் தேவையில்லை. அன்றைக்கு ஆஃபர் பதிவு எதுவும் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை வழக்கமாகப் போகும் விளம்பரம் தானியங்கியில் இருந்தால் நிறுத்திவையுங்கள். ஒரு ஹோட்டல் பக்கத்தில் புனித வெள்ளி மதியம் சிக்கன் பிரியாணி விளம்பரம் போனதைப் பார்த்தேன். அன்று கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். நாற்பது நாள் தவக்காலத்தின் உச்சம் அது.

மகிழ்ச்சியான வாழ்த்தை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்கு மனசார வாழ்த்தலாம். கத்தோலிக்கர்கள் "உயிர்ப்புப் பெருவிழா" என்பார்கள், சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகளில் "உயிர்த்தெழுந்த பண்டிகை" என்ற பேச்சு அதிகம். "ஈஸ்டர் வாழ்த்துகள்" என்றால் யாருக்கும் பொருந்தும். சனிக்கிழமை பகலிலேயே போட்டுவிட வேண்டாம். கத்தோலிக்கர்களின் விழிப்பு வழிபாடு சனி இரவில்தான். உங்களைப் பின்தொடர்பவர்களில் இலங்கைத் தமிழர்கள் இருந்தால் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் வழிபாட்டில் இருந்தவர்கள் குண்டு வெடிப்பில் கொல்லப்பட்டார்கள். அந்த வீடுகளுக்கு ஈஸ்டர் இப்போது திவச நாளும்தான். வாண வேடிக்கை, வெடிக்கும் அனிமேஷன் எதையும் ஈஸ்டர் பதிவில் நான் சேர்ப்பதில்லை.

வாழ்த்தோடு தள்ளுபடியையும் சேர்த்துப் போடலாமா? முதலாளி கேட்கிறார்.

தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் எல்லா வீட்டிலும் துணி எடுப்பார்கள், விலை தெரிந்தால் அவர்களுக்கு உதவிதான். எனவே தள்ளுபடிப் பதிவை இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்தே போடுங்கள். பண்டிகை அன்று வாழ்த்து மட்டும்.

நான் முஸ்லிம், மளிகைக்கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். தீபாவளிக்கு வாழ்த்துப் போட ஆசை, ஆனால் ஜமாத்தில் சிலர் கூடாது என்கிறார்கள். எப்படி எழுதுவது?

வாழ்த்தலாமா கூடாதா என்பது உங்கள் மார்க்கத்துக்குள் இருக்கும் கேள்வி. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. வாழ்த்துவது என்று நீங்கள் முடிவு செய்தால், வார்த்தைகளில் மட்டும் என்னால் உதவ முடியும்.

"தீபாவளி கொண்டாடும் எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் அன்பான வாழ்த்துகள்." இதில் கொண்டாடுபவர் அவர், வாழ்த்துபவர் நீங்கள். நீங்கள் வழிபடுவதாக ஒரு சொல்லும் இல்லை, ஒதுங்கி நிற்பதாகவும் இல்லை. லட்சுமி படமோ விநாயகர் படமோ வைக்கத் தேவையில்லை. ஒரு அகல்விளக்கு போதும், மத்தாப்பும் இருக்கலாம். இந்துவாக நான் சொல்கிறேன், சாமி படம் இல்லையே என்று எங்களில் யாரும் குறைப்பட மாட்டோம். தெரிந்த பாய் கடையிலிருந்து வாழ்த்து வந்திருக்கிறது என்பதுதான் மனதில் நிற்கும். பொங்கலுக்கு இன்னும் எளிது. கரும்பும் பானையும் வைத்து "தமிழர் திருநாள்" என்று எழுதினால் அது உங்களுடைய நாளும்தான்.

வாழ்த்துப் பதிவுக்குக் கீழே யாரோ வந்து அந்த மதத்தைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். நான் பதில் சொல்ல வேண்டுமா?

பதில் வேண்டாம், உடனே அகற்றுங்கள். இதைப் பெரும்பாலோர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். நீங்கள் நல்லெண்ணத்தோடு பெருநாள் வாழ்த்துப் போட்டிருப்பீர்கள். அதைப் பார்த்து நன்றி சொல்ல வந்த பெண்மணி, கீழே தன் மக்களைப் பற்றி அசிங்கமாக எழுதியிருப்பதைப் படிப்பார். அது உங்கள் பக்கம். அங்கே நாலு மணி நேரம் அப்படியே கிடந்தால், நீங்கள் அனுமதித்ததாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். வாழ்த்தாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும்.

பதிவு போட்டபின் முதல் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். வசைச் சொற்களை வடிகட்டும் வசதி ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறது. வழக்கமான வசைகளைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதும் விதத்திலும் முன்பே சேர்த்துவையுங்கள். கூட இருந்து பார்க்க ஆள் இல்லையென்றால் அந்தப் பதிவுக்கு மட்டும் கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள். "எங்கள் பண்டிகைக்கு ஏன் போடவில்லை" என்று கேட்பவர் வேறு வகை. அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். போட்டிருந்தால் அந்தப் பதிவைக் காட்டுங்கள், விட்டிருந்தால் விட்டுப்போனது என்று ஒப்புக்கொண்டு அடுத்த முறை போடுங்கள். வருடத் தொடக்கத்திலேயே எந்தெந்த நாளுக்குப் பதிவு என்று முதலாளியோடு உட்கார்ந்து முடிவு செய்துகொண்டால் இந்தப் பேச்சு குறையும்.

தப்பாகப் போட்டாகிவிட்டது. அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா?

பார்த்தவர் குறைவு, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அழித்துவிட்டுச் சரியானதைப் போடுங்கள். ஒருவராவது சொல்லிவிட்டார் என்றால் சும்மா இருக்கக் கூடாது. திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருப்பார்கள், "அழித்துவிட்டு ஓடிவிட்டார்கள்" என்பதுதான் அப்புறம் பேச்சாகும்.

மொகரம் அன்று நான் முதலில் எழுத்தை மட்டும் திருத்தப் பார்த்தேன். அது உதவாது. தவறு படத்துக்குள் இருந்தது, அதற்குள் ஆறேழு பேர் பகிர்ந்தும் இருந்தார்கள். பதிவை நீக்கிவிட்டு, படம் எதுவும் இல்லாமல் இப்படி எழுதினேன்: "இன்று காலை எங்கள் பக்கத்தில் மொகரத்துக்கு 'இனிய' என்று வாழ்த்தியிருந்தோம். இமாம் ஹுசைனை நினைந்து துக்கம் அனுசரிக்கும் நாளில் அப்படி எழுதியது எங்கள் தவறு. பதிவை நீக்கிவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள்." முதலாளி "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று சேர்க்கச் சொன்னார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒருவர் ஃபோன் செய்து சொல்லிவிட்ட பிறகு "இருந்தால்" என்று எழுதினால், அவர் சொன்னதை நம்பவில்லை என்று ஆகும். தெரியாமல் நடந்தது, டிசைனர் செய்தது, புதிதாக வேலைக்கு வந்தவர் என்றெல்லாமும் எழுதவில்லை. அந்தக் குறிப்பை ஒரு வாரம் பக்கத்தின் மேலேயே வைத்திருந்தேன். அழைத்தவருக்கு நானே திரும்ப ஃபோன் செய்து, நீக்கியாகிவிட்டது என்று சொன்னேன்.

2024-இல் மொகரம் ஜூலை 17 அன்று வந்தது. ஒரு வாரம் முன்னாலேயே, எழுதியிருந்த இரண்டு வரியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் சார் என்று கேட்டேன். "வீரமரணம்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் "ஷஹாதத்" என்று போடச் சொன்னார். தமிழ் படிக்கிற எல்லோருக்கும் அது புரியாதே என்றேன். சரி, "உயிர்த்தியாகம்" என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே போட்டோம்.